தூண்டில் பாரைக் காட்டிக்கொடுத்த மீன் படம்

கீழக்கரை உறுப்பினர்:
என் சித்தப்பா நாட்டுப்படகில் தூண்டில் தொழில் செய்பவர். தீவுகளுக்குத் தெற்கே அவர் பார்த்துவைத்திருக்கும், மீன் கூடும் கடலடிப் பாறைத்திட்டான ஒரு பாரின் இடத்தை, உடன் வரும் ஆட்களிடம்கூட அவர் சொன்னதில்லை. சென்ற பருவத்தில் அங்கே பெரிய களவா ஒன்று பட்டதும், படகிலேயே கைப்பேசியில் படம் எடுத்து வியாபாரிக்கு அனுப்பினார். படம் தெளிவாக இல்லை என்று வியாபாரி சொல்லவே, அதையே வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக மறுபடி அனுப்பினார். சில நாள்களில் அந்தப் பாரின்மேல் வேறு இரண்டு படகுகள் நின்றன. அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். அட்சரேகையும் தீர்க்கரேகையும் அதற்குள் அப்படியே இருந்தன. இது எப்படி நேர்ந்தது?

மண்டபம் உறுப்பினர்:
வாட்ஸ்அப் இடத்தகவலை நீக்கிவிடும், தம்பி. தவிர, அவ்வளவு தூரத்தில் டவரே கிடையாதே.

தொண்டி உறுப்பினர், கணினிப் பணி:
முதல் செய்தியில் பாதி சரி. படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கும்போது உள்ளிருக்கும் குறிப்புகள் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்பினால் கோப்பு மாறாமலே போய்ச் சேரும். ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை. வானம் மறைக்காத நடுக்கடலில் அது இன்னும் நன்றாகவே வேலை செய்யும். நான்கு தசம இலக்கம் வரை எண் இருந்தால் ஏறத்தாழ 11 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடலாம். கைப்பேசியின் பிழையைச் சேர்த்தாலும், நங்கூரம் போட அது போதும்.

பாம்பன் உறுப்பினர்:
என் மருமகனின் படங்களில் கீழே வரைபடமும் முகவரியும் அச்சாகின்றன. அதை வெட்டிவிட்டால் போதாதா?

தொண்டி உறுப்பினர்:
அது படத்தின்மேல் எழுதப்பட்டது. இங்கே பேசுவது கோப்புக்குள் இருப்பதைப் பற்றி. சில செயலிகள் படத்தை வெட்டிய பிறகும் உள்ளிருக்கும் எண்களை விட்டுவைக்கும்.

மண்டபம் உறுப்பினர்:
அந்தக் கோப்பு எனக்கும் வந்தது. அதில் ஜிபிஎஸ் நேரம் 00:40 என்கிறது. படத்திலோ நல்ல வெளிச்சம். ஆகவே இடமும் பொய்யாகத்தான் இருக்கும்.

தொண்டி உறுப்பினர்:
இல்லை. ஜிபிஎஸ் நேரம் உலகப் பொது நேரத்தில் பதிவாகும். 5 மணி 30 நிமிடம் கூட்டினால் காலை 6:10 ஆகிறது. எடுத்த நேரம் என்று தனியாக இருக்கும் வரியைப் பாருங்கள். அது நம் நேரத்தில் இருக்கும். இரண்டும் பொருந்தினால் எண்ணைச் சந்தேகிக்கக் காரணமில்லை.

இனி அனுப்பும் முன், exiftool என்ற நிரலை நிறுவிய கணினியில் இதை இயக்கினால் கோப்பிலுள்ள இட எண்கள் நீங்கிவிடும்:

```
exiftool -gps:all= meen.jpg
```

பழைய கோப்பு `meen.jpg_original` என்ற பெயரில் பக்கத்திலேயே இருக்கும். தவறியும் அதை அனுப்பிவிடக் கூடாது. கேமரா அமைப்பில் இடப்பதிவை நிறுத்துவதும் நல்லதே, ஆனால் முன்பு எடுத்த படங்களை அது மாற்றாது.

கீழக்கரை உறுப்பினர்:
இரண்டும் பொருந்துகின்றன. வியாபாரி யாருக்கும் கொடுக்கவில்லை என்கிறார். அந்தப் படகுகள் சித்தப்பாவைத் தொலைவிலிருந்து பார்த்தே வந்திருக்கலாம் என்று மண்டபத்து அண்ணன் தனியாக எழுதியிருக்கிறார். அதையும் மறுக்க என்னிடம் சான்று இல்லை.