தேர்த்திருவிழா பேனர் – நகர் நலச்சங்கம் குழு

செகரட்டரி சார்: எல்லாருக்கும் வணக்கம். பைபாஸ் ஓரமா கட்டப்போற 20க்கு 10 அடி பேனருக்கு போன வருஷ தேர் போட்டோவ போடலாம்னு முடிவாயிருக்கு. பர்மிஷன் வாங்கியாச்சு. போட்டோ போன்ல எடுத்ததுதான், போதுமா?

கார்த்தி: போதாது சார். பிரிண்ட்டுனா இஞ்ச்சுக்கு 300 புள்ளி, அதாவது 300 டிபிஐ இருக்கணும், காலேஜ்ல மொத கிளாஸ்லயே சொல்லிட்டாங்க. கேமரா வெச்சிருக்கவங்கள கூப்பிட்டு புதுசா எடுக்கணும்

விமலா அக்கா: ஆமா ஆமா, எங்க பாப்பா கல்யாணப் பத்திரிகைல மாப்ள போட்டோ கலங்கலா வந்து சம்பந்தி வீட்ல ஒரே பேச்சு. நல்லதா எடுங்க

முருகேசன் அண்ணன்: அக்கா பத்திரிகைய கைல வெச்சு ஒரு அடி தூரத்துல பாக்குறோம், அதுக்கு 300 வேணும்தான். பேனர் அப்படியா? தம்பி, 20 அடின்னா 240 இஞ்ச், 300ஆல பெருக்கு, 72,000 பிக்சல் வருது. ஜேபெக் பைல்ல ஒரு பக்கம் 65,535க்கு மேல சேவே ஆகாது. அந்த சைஸ்ல பைல் எடுத்துட்டுப் போனா பிளக்ஸ் கடைக்காரன் சிரிப்பான்

கார்த்தி: அப்ப எவ்ளோதான் வேணும்ணே?

முருகேசன் அண்ணன்: நல்ல கண்ணுக்கே ஒரு அளவுக்கு கீழ ரெண்டு புள்ளி தனித்தனியா தெரியாது, ஒண்ணாதான் தெரியும். ஒரு அடி தூரத்துல இஞ்ச்சுக்கு சுமார் 286 புள்ளி வரைக்கும்தான் கண்ணு பிரிச்சுப் பாக்கும், 300ங்கறது அங்கேருந்துதான் வருது. தள்ளிப் போகப் போக அது கொறஞ்சுக்கிட்டே வரும், அதனால 286ஐ எத்தனை அடி தூரமோ அதால வகுத்துக்க. நம்ம பேனர் ரோட்டுக்கு அந்தப் பக்கம், பஸ்ல போறவங்களுக்கு எப்படியும் 40 அடி. அப்ப இஞ்ச்சுக்கு 7 பிக்சல் போதும்

செகரட்டரி சார்: 7ஆ?? 70ன்னு டைப் பண்ண வந்தீங்களா

முருகேசன் அண்ணன்: 7தான் சார். நான் எப்பவும் அதுல ரெண்டு மடங்கு வெச்சுப்பேன், நடந்து போறவங்க கொஞ்சம் கிட்ட வருவாங்கல்ல. போன் போட்டோ 4000க்கு 3000 இருக்கும், மேல கீழ கட் பண்ணி 4000க்கு 2000 ஆக்கினா 240 இஞ்ச்சுக்கு இஞ்ச்சுக்கு 17 வருது. தாராளம்

கார்த்தி: ஆனா கடைல மெஷினே 720 டிபிஐன்னு எழுதி வெச்சிருக்காங்களேண்ணே

முருகேசன் அண்ணன்: அது மை சொட்டு கணக்குடா. நாலு கலர் மைய புள்ளி புள்ளியா தெளிச்சுதான் படத்தோட ஒரு பிக்சல் கலரக் கொண்டுவருது, அதனால சொட்டு நெறைய வேணும். உன் படத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. இன்னொண்ணு, போட்டோஷாப்ல 17ஐ 300ன்னு மாத்தி பெருசாக்கி அனுப்புறாங்க, பைல்தான் குண்டாகும், தேர்ல புதுசா ஒரு பொம்மை கூட தெரியாது

விமலா அக்கா: அந்த தேர் போட்டோ இந்த குரூப்லயே இருக்கே, மேல போனா கெடைக்கும்

முருகேசன் அண்ணன்: அக்கா அத மட்டும் எடுத்துடாதீங்க 🙏 குரூப்ல சும்மா போட்டோவா போட்டது சுருங்கி 1600 பிக்சல் மாதிரிதான் நிக்கும், 240 இஞ்ச்சுக்கு இஞ்ச்சுக்கு 7 கூட தேறாது, அதுக்கு மேல கம்ப்ரஸ் ஆன கட்டம் கட்டமா வேற வரும். எடுத்தவங்க போன்லேருந்து டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க

முருகேசன் அண்ணன்: அப்புறம் எழுத்த போட்டோவோட சேத்து போன் ஆப்ல போட்டுக் கொண்டுவராதீங்க. முகம் கொஞ்சம் மங்கினா யாரும் கண்டுக்க மாட்டாங்க, "அருள்மிகு" ஓரம் பிசிறடிச்சா உடனே தெரியும். எழுத்த கோரல்டிரா சாஃப்ட்வேர்ல தனியா அடிச்சு கர்வா, அதாவது பிக்சல் இல்லாத கோட்டு வடிவமா மாத்தினா எவ்ளோ பெருசாக்கினாலும் கூர்மையா நிக்கும்

செகரட்டரி சார்: எனக்கு இன்னும் நம்பிக்கை வரல, 2 நாள்ல பிரிண்ட், காசு போயிடும்

முருகேசன் அண்ணன்: சாமி முகம் இருக்கற இடத்துல 167 பிக்சல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஏ4 பேப்பர்ல 10 இஞ்ச் அகலம் வர மாதிரி பிரிண்ட் எடுங்க. பேனர்ல அந்த இடம் அதே சைஸ்லதான் இருக்கும். கைல பாத்தா ஒன்றரை மில்லிமீட்டர் கட்டமா கேவலமா இருக்கும், பயப்படாதீங்க. காம்பவுண்ட் சுவத்துல ஒட்டிட்டு 40 அடி தள்ளி நின்னு பாருங்க

கார்த்தி: அப்ப கோயில் வாசல்ல வெக்கப்போற 8க்கு 6 அடி செல்ஃபி பேக்டிராப்புக்கும் இதே போட்டோ ஓகேவா?

முருகேசன் அண்ணன்: அது வேற கணக்கு. 4 அடில நிப்பாங்க, 72 கிட்ட வேணும், நம்ம கிட்ட 42தான் இருக்கு. அங்க நீ சொன்ன மாதிரி நல்ல கேமரால எடுக்கறது தப்பில்ல

கார்த்தி: ஆனா செல்ஃபில முகம்தானே ஃபோகஸ், பின்னாடி மங்கினா என்ன?

முருகேசன் அண்ணன்: செல்ஃபில தெரியாதுதான், க்யூல நிக்கறவங்க கண்ணுக்கு தெரியுமே. அதையும் ஒரு துண்டு அடிச்சுப் பாத்துட்டு சொல்றேன்

விமலா அக்கா: தம்பி அப்ப பாப்பா பத்திரிகைய 40 அடி தள்ளி வெச்சுப் பாத்திருந்தா சம்பந்தி ஒண்ணும் சொல்லிருக்க மாட்டாங்கல்ல 😄

செகரட்டரி சார்: தேர் போட்டோ யார் எடுத்தது? டாக்குமெண்ட்டா இன்னைக்கு ராத்திரிக்குள்ள அனுப்புங்க ப்ளீஸ்