அம்மாபேட்டையில இருந்து ஏர்போர்ட்: ராத்திரி 492 காட்டுச்சு, இறங்கும்போது 690, டோல் தனி. எங்க ஏறுச்சு?

தறிக்காரன் மகன்:
சேலத்துல ஆப்ல கார் புக் பண்றவங்க யாராச்சும் இந்த பில்லைப் பாத்துச் சொல்லுங்க. போன ஞாயித்துக்கிழமை அம்மாபேட்டையில இருந்து காமலாபுரம் ஏர்போர்ட்டுக்குப் போனோம். முந்தின நாள் ராத்திரி பாத்தப்ப 492 ரூபாய்னு காட்டுச்சு, ஸ்கிரீன்ஷாட் இருக்கு. காலைல புக் பண்ணி, போற வழில புது பஸ் ஸ்டாண்டுல தங்கச்சியை ஏத்திக்கிட்டோம். இறங்கும்போது 690, அதுக்கு மேல கருப்பூர் டோல்கேட் காசு தனி வரியா. டோல் விஷயம் புரியுது. அதைத் தள்ளிட்டுப் பாத்தாலே கிட்டத்தட்ட 200 ரூபாய் கூட. டிரைவர் நல்ல மனுசன்தான், வேகமாவும் ஓட்டலை, சுத்தியும் போகலை.

பில்லுல இருக்கறது: பேஸ் 60. தூரம் 24.5 கிலோமீட்டருக்கு 392. நேரம் 58 நிமிஷத்துக்கு 87. டிமாண்ட் சார்ஜ் 107.80. வெயிட்டிங் 10. ஜிஎஸ்டி 32.84.

இது போக, இறங்கினதும் "திரும்பி வர்ற டோலுக்குத் தனியா கேஷ் குடுங்க சார்"னு கேட்டார், குடுத்தேன். அது சரியா?

செவ்வாய்ப்பேட்டை குமார்:
சர்ஜ் நண்பா, சர்ஜ். பில்லுல டிமாண்ட் சார்ஜ்னு இருக்கறது அதுதான். நீங்க வண்டில உக்காந்திருக்கும்போதே ஏறிக்கிட்டே போகும். அஞ்சு ரோடு நெரிசல்ல நின்னீங்கன்னா அங்கயே ரேட்டு மாறிடும். ஒன்றரை மடங்குக்கு மேல வாங்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு, புகார் குடுங்க. அப்புறம் டோல்ல உங்களை ஏமாத்திட்டாங்க. இப்பல்லாம் டோலுக்கு வருஷ பாஸ் வந்துடுச்சு. அவர் டோலே கட்டியிருக்க மாட்டார்.

பழைய டிராவல்ஸ் ரவி:
குமார் தம்பி, பாதி சரி. அந்த வருஷ பாஸ் சொந்த உபயோக வண்டிக்கு மட்டும்தான். மஞ்சள் போர்டுக்குக் கிடையாது, அவர் டோல் கட்டித்தான் ஆகணும். ஒன்றரை மடங்குங்கறது 2020 மத்திய அரசு வழிகாட்டுதல்ல இருந்தது. 2025 ஜூலைல வந்த புது வழிகாட்டுதல் அடிப்படைக் கட்டணத்துல 2 மடங்கு வரைக்கும் விடுது, அதையும் மாநில அரசு எடுத்து அமல்படுத்தணும். இவர் பில்லுல இருக்கறது 1.2 மடங்குதான், எந்தக் கணக்குல பாத்தாலும் வரம்புக்குள்ள.

சர்ஜ் ஓடற வண்டில ஏறாது. புக் பண்ற நொடில என்ன பெருக்கலோ அதுதான் அந்த சவாரி முடியற வரைக்கும். ஆனா அந்தப் பெருக்கல் எதோட பெருக்கப்படுதுங்கறது நடுவுல மாறலாம். இவருக்கு நடந்தது அதுதான்னு நெனைக்கிறேன்.

தறிக்காரன் மகன், ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. காலைல 'புக்' அமுக்கறதுக்கு முன்னாடி எவ்வளவு காட்டுச்சு? ஆப்ல பழைய சவாரியைத் தொட்டா அந்தத் தொகை இருக்கும். அப்புறம், பஸ் ஸ்டாண்டு நிறுத்தத்தை ஆப்ல சேத்தீங்களா, வாய்ல சொன்னீங்களா?

ஏற்காட்டுக்காரி:
எனக்கும் இதே கதைதான். கோடை விழா சமயத்துல மலைக்கு ஏறும்போது கொண்டப்பநாயக்கன்பட்டி அடிவாரம் வழியா விட்டாங்க. இறங்கும்போது போலீஸ் ஒருவழியாக்கி குப்பனூர் பக்கம் திருப்பிவிட்டாங்க. குப்பனூர் வழி நீளம். ஆப் அடிவாரம் வழின்னு நெனச்சு ரேட்டு சொல்லுச்சு, கடைசில ரொம்பக் கூட வந்துச்சு. டிரைவர் என்ன பண்ணுவார், எங்களைக் கூட்டிட்டு வந்ததே பெருசு. இதுக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா?

தறிக்காரன் மகன்:
ரவி அண்ணே, பாத்தேன். காலைல புக் பண்ணும்போது 591 இருந்திருக்கு. நிறுத்தத்தை வண்டி கெளம்பினப்புறம் ஆப்ல சேத்தோம், டிரைவர்தான் சேக்கச் சொன்னார். தங்கச்சி பஸ் வர லேட்டு, உள்ள நின்னோம்.

பழைய டிராவல்ஸ் ரவி:
நல்ல டிரைவர். வாய்ல சொல்லி நின்னிருந்தா தகராறு இன்னும் பெருசா இருந்திருக்கும்.

இப்ப கணக்கைப் பின்னாடியில இருந்து பிரிக்கலாம். உங்க பில்லுல இருந்தே ரேட்டு தெரியுது: கிலோமீட்டருக்கு 16, நிமிஷத்துக்கு ஒன்றரை ரூபாய், பேஸ் 60. பேஸ், தூரம், நேரம் மூணும் சேந்து 539. டிமாண்ட் 107.80ங்கறது அதுல அஞ்சுல ஒரு பங்கு, அதாவது 1.2 மடங்கு.

591-ல இருந்து ஜிஎஸ்டி 5 சதவீதத்தை எடுத்தா 563 வரும். அதை 1.2-ஆல வகுத்தா 469. இந்த 469 எப்படி வந்துச்சு? பேஸ் 60, 22 கிலோமீட்டருக்கு 352, 38 நிமிஷத்துக்கு 57. கூட்டுங்க, சரியா 469. இப்ப அதே 469-க்கு சர்ஜ் இல்லாம ஜிஎஸ்டி மட்டும் சேத்தா 492. உங்க ராத்திரி ஸ்கிரீன்ஷாட்! அப்ப ராத்திரிக்கும் காலைக்கும் தூரமும் மாறலை, நேரமும் மாறலை. அந்த 99 ரூபாய் வித்தியாசம் முழுக்க சர்ஜ். ராத்திரி பாத்த தொகை ஒரு உத்தேசம்தான், அதை வெச்சு ஆப் யார்கிட்டயும் வாக்குக் குடுக்கலை. உங்க ஒப்பந்தம் 591-ல தொடங்குது.

அடுத்து 591 எப்படி 690 ஆச்சு. புக் பண்றப்ப காட்டின தொகை நிலையா இருக்கணும்னா, ஏறின இடம், இறங்கற இடம், நடுவுல நிறுத்தம் எல்லாம் அப்ப சொன்ன மாதிரியே இருக்கணும். நீங்க நிறுத்தம் சேத்ததும் அந்தப் பேச்சு முடிஞ்சுது. அதுக்கப்புறம் பில் மீட்டர் மாதிரி, உண்மையா ஓடின கிலோமீட்டர், உண்மையா ஆன நிமிஷம். ஈரடுக்கு மேம்பாலத்துல நேரா போகவேண்டிய வண்டி பஸ் ஸ்டாண்டுக்குள்ள நுழைஞ்சு, காத்து, சுத்தி வெளிய வந்துச்சு. தூரம் 22-ல இருந்து 24.5, நேரம் 38-ல இருந்து 58. கூடின தூரத்துக்கு 40, கூடின நேரத்துக்கு 30, ஆக 70. ஆனா 1.2 இன்னும் ஒட்டிட்டுத்தான் இருக்கு, அதனால 84. ஜிஎஸ்டியோட 88.

மிச்சம் வெயிட்டிங் பத்து ரூபாய், வரியோட 10.50. வீட்டு வாசல்ல எவ்வளவு நேரம் நின்னுது வண்டி?

தறிக்காரன் மகன்:
8 நிமிஷம் இருக்கும். பெட்டி, அம்மா, எல்லாம் இறக்கணும் இல்லையா. மொதல் 3 நிமிஷம் ஃப்ரீன்னு ஆப்ல போட்டிருக்கு, அப்புறம் நிமிஷத்துக்கு 2 ரூபாய்.

பழைய டிராவல்ஸ் ரவி:
அப்ப 5 நிமிஷத்துக்குப் பத்து, சரியா இருக்கு. 99, 88, 10.50 கூட்டினா 197.50. பில்லை முழு ரூபாயாக்கும்போது மிச்ச அம்பது காசும் வந்துடும். தப்பா எடுத்த ரூபாய்னு இதுல எதுவும் தெரியலை.

பொதுவா எல்லாரும் வெயிட்டிங்கைத் திட்டுவாங்க, ஆனா இங்க அதுதான் சின்னது. ஒரு விஷயம் மட்டும் கவனிங்க: பஸ் ஸ்டாண்டுல நின்ன நேரம் 'நேரம்' வரிக்குள்ள போயிடுச்சு. அதே நிமிஷங்களுக்கு வெயிட்டிங் வரியும் வந்திருந்தா ரெண்டு தடவை எடுத்த மாதிரி. உங்களுக்கு அப்படி இல்லை. வாசல் வெயிட்டிங்ல சந்தேகம் வந்தா, டிரைவர் 'வந்துட்டேன்' அமுக்கின நேரத்தையும் சவாரி தொடங்கின நேரத்தையும் சவாரி விவரத்துல ஒப்பிடுங்க. அம்மாபேட்டை மாதிரி சந்து இருக்கற இடத்துல தெரு முனைலயே அமுக்கிடறவங்க உண்டு. அப்ப வரைபடத்துல வண்டி நின்ன புள்ளி உங்க வாசலா இருக்காது.

அடுத்த தடவை நிறுத்தத்தை புக் பண்ணும்போதே போடுங்க. காசு அவ்வளவா குறையாது, ஆனா தொகையைப் பாத்துட்டு முடிவு பண்ணலாம். தங்கச்சியை ஆட்டோல வரச் சொல்லலாமான்னு யோசிக்கவாவது நேரம் கெடைக்கும்.

செவ்வாய்ப்பேட்டை குமார்:
அப்ப ராத்திரியே புக் பண்ணியிருந்தா 492-க்கே போயிருக்கலாமே?

பழைய டிராவல்ஸ் ரவி:
ராத்திரி 'இப்ப' வண்டி கேட்டா அப்பவே வந்துடும் தம்பி. மறுநாளைக்குன்னு முன்கூட்டியே போடற வசதி வேற. அதுல தொகை வேற மாதிரி வரும், 492-ஆ இருக்கணும்னு இல்லை. ஆனா போட்ட தொகை காலைல டிமாண்டுக்காக மாறாது, நான் பாத்த ஆப்கள்ல அப்படித்தான். காலைல சர்ஜ் தெரிஞ்சா அஞ்சு பத்து நிமிஷம் விட்டுப் பாக்கலாம். ஏர்போர்ட்டுக்கு அந்த விளையாட்டு வேண்டாம்.

ஏற்காட்டு அம்மா, உங்களுது வேற. வழியைப் போலீஸ் மாத்தினா தூரம் உண்மையாவே கூடும், ஆப்பும் அதைத்தான் எடுக்கும். ஆனா பில்லோட வர்ற வரைபடத்துல நீங்க போன கோடு குப்பனூர் வழியா இருக்கும், அன்னைக்கு ஒருவழின்னு காவல்துறை அறிவிப்பும் இருக்கும். ரெண்டையும் சேத்துக் கட்டண மறுபரிசீலனை கேளுங்க. கிடைக்கும்னு உறுதி சொல்ல முடியாது. மலைல இன்னொண்ணு, கொண்டை ஊசி வளைவுகள்ல சிக்னல் விட்டுவிட்டு வந்தா கோடு நேரா வெட்டிட்டுப் போகும். அப்ப தூரம் குறைவாத்தான் வரும், நஷ்டம் டிரைவருக்கு.

மஞ்சள் போர்டு:
நான் இந்த ரூட்ல ஓட்டறவன். திரும்பற டோல் பத்தி யாரும் சொல்லலையே. கருப்பூர்ல போற டோல் உங்க பில்லுல வந்துடும், அது சரி. ஆனா ஏர்போர்ட்ல இருந்து சேலத்துக்கு சவாரி எல்லா நேரமும் கிடைக்காது. விமானம் இல்லாத நேரத்துல காலியாத்தான் வரணும். அந்த டோல் யார் தலையில?

பழைய டிராவல்ஸ் ரவி:
அண்ணே, உங்க கஷ்டம் நியாயம். ஆனா கணக்கும் பாக்கணும். 24 மணி நேரத்துக்குள்ள திரும்பினா போக வர ரெண்டுக்கும் சேத்து ஒரு வழி டோல்ல ஒன்றரை மடங்குதான் எடுக்கணும், ஃபாஸ்டாக்ல தானா கழியும். அப்ப திரும்பறதுக்கு ஆகறது பாதி. முழு டோலைக் கேஷா வாங்கினா அது கூட. ஃபாஸ்டாக் பிளாக் ஆகி, டோல்ல கூடுதலா கட்டியிருந்தா அந்த அபராதமும் பயணி தலையில வரக் கூடாது.

தறிக்காரன் மகன்:
முழு டோல்தான் குடுத்தேன். அப்ப கேக்கக் கூடாதா?

மஞ்சள் போர்டு:
பாதி கேட்டா யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க. நான் ஏறும்போதே சொல்லிடுவேன், முடியாதுன்னா விட்டுடுவேன். இறங்கினப்புறம் பெட்டியைப் பிடிச்சிக்கிட்டுக் கேக்கறது சரியில்லை.

பழைய டிராவல்ஸ் ரவி:
ஆப் பில்லுல திரும்பற டோல்னு வரி இல்லைன்னா, பயணி குடுத்தே ஆகணும்னு இல்லை, என் கருத்து அது. ஒவ்வொரு ஆப்போட ஏர்போர்ட் விதியும் வேற, அதை உள்ள போய் படிங்க. புகார் போடறதுன்னா முழு சவாரிக்கும் போடாதீங்க, 690 கணக்கு சரியா இருக்கறதால அந்தப் புகார் நிக்காது. "ஆப்புக்கு வெளிய கேஷ் வாங்கினார்"னு மட்டும் போட்டு, ஜிபேல அனுப்பியிருந்தா அந்த ரசீதை இணைங்க.

தறிக்காரன் மகன்:
நோட்டாத்தான் குடுத்தேன் அண்ணே.

மஞ்சள் போர்டு:
அப்ப ஆப்காரன் "ஆதாரம் இல்லை"னுதான் பதில் போடுவான். எழுதிப் பாருங்க, ஆனா பணத்தை எதிர்பாக்காதீங்க.