Re: பைனாகுலர் லென்ஸின் ஊதா நிறத்துக்குத் தமிழில் என்ன சொல்?

செ. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பழைய பைனாகுலர், பித்தளைத் தொலைநோக்கி இவற்றின் காலத்தைக் கணிப்பது பற்றி ஒரு சொற்பட்டியல் தயாரிக்கிறேன். லென்ஸ் மேல் ஊதாவாகவோ நீலமாகவோ தெரிகிறதே, அந்தப் பூச்சுக்கு "எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு" என்று போட்டிருக்கிறேன். பத்திக்கு நான்கு முறை வரும்போது வாசிக்க மூச்சு முட்டுகிறது. சுருக்கமாக ஏதாவது சொல்லுங்களேன்.

ப. எழுதியது:

"வண்ணப்பூச்சு" போதும் ஐயா. கணிப்பும் அதில் சுலபம். ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் ஸ்மகூலா இந்தப் பூச்சுக்குக் காப்புரிமை வாங்கியது 1935-இல். லென்ஸில் நிறம் தெரிந்தால் அதற்குப் பின், தெரியாவிட்டால் முன்.

க.வே. எழுதியது:

1935 சரிதான் ப., ஆனால் அதை வைத்துக் கோடு போட முடியாது. அந்த நுட்பத்தை ஜெர்மானியர்கள் ராணுவ ரகசியமாக வைத்திருந்தார்கள், அதனால் சாதாரண மக்கள் வாங்கிய கருவிகளில் பூச்சு பரவலானது போருக்குப் பிறகுதான். 1938-இல் செய்த நல்ல பைனாகுலர் பூச்சே இல்லாமல் இருப்பதில் வியப்பில்லை.

இன்னொரு சிக்கல்தான் சொல்லுக்கு முக்கியம். பூச்சே இல்லாத பழைய கண்ணாடி, காற்றின் ஈரத்தில் மேற்பரப்பு மாறி, தானாகவே நீலமும் பழுப்புமாக மினுங்கும். அப்படி நிறம் மாறிய லென்ஸ் புதியதைவிட அதிக ஒளியை விடுகிறது என்று இங்கிலாந்தின் லென்ஸ் வடிவமைப்பாளர் டென்னிஸ் டெய்லர் 1890-களிலேயே கவனித்தார். "வண்ணப்பூச்சு" என்று வைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும், 1900-ஆம் ஆண்டுக் கருவியை 1950 என்று எழுதிவிடுவோம். ஆகவே ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்.

பிரித்தறிய, விளக்கின் பிம்பத்தை லென்ஸில் பாருங்கள். பூசியதென்றால் பிம்பம் முழுக்க ஒரே நிறம், மங்கல். தானாக வந்ததென்றால் திட்டுத்திட்டாக, கருவியைச் சாய்க்கும்போது இடத்துக்கு இடம் நிறம் மாறும். வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தால் அந்தப் பரப்பில் ஒன்றுமே இல்லை. பச்சையும் அடர் ஊதாவும் கலந்து பிம்பமே இருண்டிருந்தால் பல அடுக்குப் பூச்சு, அது 1970-களுக்குப் பிந்தியது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ம. எழுதியது:

எங்கள் வீட்டில் ஒரு பித்தளைத் தொலைநோக்கி இருக்கிறது. "கெல்வின் அண்டு ஹியூஸ், லண்டன் 1917" என்று பொறித்திருக்கிறது. லென்ஸில் நிறம் எதுவும் இல்லை. என்ன விலை போகும் அண்ணா?

க.வே. எழுதியது:

ம., இங்கே விலை பேசவில்லை, ஆனால் உங்கள் கேள்வி உதவுகிறது. ஹென்றி ஹியூஸ் நிறுவனமும் கெல்வின் நிறுவனமும் சேர்ந்து அந்தப் பெயர் வந்தது 1940-களில். 1917-இல் அப்படியொரு பெயரே கிடையாது. மொராதாபாத், ரூர்க்கி பக்கம் அலங்காரத்துக்குச் செய்து விற்கும் வகையாகத்தான் இருக்கும். எழுத்தை உருப்பெருக்கியில் பாருங்கள்: கையால் உளி வைத்து வெட்டியதில் கோடு மெலிந்து தடிக்கும், இயந்திரத்திலோ அமிலத்திலோ செய்ததில் ஆழமும் அகலமும் ஒரே சீராக இருக்கும். குழாயை இழுத்துக் குவியம் சரிசெய்வதை நம்பவேண்டாம். அது 18-ஆம் நூற்றாண்டுக் கருவியிலும் உண்டு, நேற்றுச் செய்ததிலும் உண்டு.

இ. எழுதியது (யாழ்ப்பாணம்):

நாங்கள் பள்ளியில் தெறிப்பு என்றுதான் படித்தோம், எதிரொளிப்பு என்றல்ல. "தெறிதடைப் பூச்சு" என்று வையுங்கோ, சின்னதாயும் இருக்கும். தானாக வருவதற்குக் களிம்பு எண்டு சொல்லலாமே?

செ. எழுதியது:

தெறிதடை அழகாக இருக்கிறது. ஆனால் களிம்பு வேண்டாம் என்று நினைக்கிறேன், பித்தளைக் குழாயிலேயே பச்சையாகக் களிம்பு ஏறும், ஒரே குறிப்பில் இரண்டும் வந்தால் வாசிப்பவர் குழம்புவார். "படர்நிறம்" எப்படி? பூசுவது மனிதன், படர்வது தானாக.

ப. எழுதியது:

தமிழ்நாட்டில் தெறிப்பு என்றால் தண்ணீர் தெறிப்பதுதான் நினைவுக்கு வரும். "ஒளிப்பூச்சு" என்றே விடலாம்.

க.வே. எழுதியது:

ஒளிப்பூச்சு என்றால் ஒளிரும் சாயம் போலத் தோன்றுகிறது. என் வாக்கு தெறிதடைக்கு. படர்நிறத்தை உடனே ஏற்கிறேன்.

ஒரு உதாரணத்தில் ஓட்டிப் பார்த்தேன். பிரிட்டிஷ் ராணுவத்தின் 6x30 பைனாகுலர், உடலில் அம்புக்குறியும் 1942-ம் பொறித்தது, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே குவியம் திருகுவது. "வெளிப்பரப்பில் தெறிதடை உண்டு, உட்பரப்புகளில் இல்லை, படர்நிறம் இல்லை" என்று எழுதினேன், தெளிவாக இருக்கிறது. பொறிப்பு 1942-ஐச் சொல்கிறது, தெறிதடை பின்னாளில் பழுது பார்த்தபோது பூசியதாகவும் இருக்கலாம். அதனால் பூச்சை வைத்து உடலின் ஆண்டை மாற்றக்கூடாது என்று சொற்பட்டியலில் ஒரு குறிப்புச் சேருங்கள்.

இ. எழுதியது:

தனித்தனியே திருகுவதற்கும் நடுச்சக்கரத்தால் இரண்டையும் திருப்புவதற்கும் சொல் என்ன? தனிக்குவியம், பொதுக்குவியம்?

ப. எழுதியது:

பொதுக்குவியம் வேண்டாம், "நடுத்திருகு" போதும்.