தனியாக வாழ்பவரின் முதுமைக்காலப் பண ஏற்பாடு: ஆலோசனை வேண்டும்

வணக்கம். எனக்கு வயது 58; திருமணமாகவில்லை, பெற்றோரும் இல்லை. வங்கி வைப்புத்தொகைக்கு அக்கா மகளை நாமினியாக நியமித்திருக்கிறேன். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, உயில் இல்லாவிட்டால் அது சட்டப்படியான வாரிசுகளுக்கே சேரும் என்பதால், உயிலும் எழுதிவிட்டேன்.

என் கவலை, நான் உயிரோடிருக்கும் காலத்தைப் பற்றியது. பக்கவாதத்தாலோ மறதி நோயாலோ நான் முடிவெடுக்க இயலாமல் போனால், உயிலும் நாமினியும் அப்போது உதவப்போவதில்லை. இன்று எழுதிக்கொடுக்கும் பொது அதிகாரப் பத்திரமோ, எழுதியவர் மனத்தெளிவை இழந்ததும் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி முடிவுக்கு வந்துவிடுகிறது (தேவைப்படும் நேரத்தில்தான் அது கைவிடுகிறது). பிறகு காப்பாளர் நியமனத்துக்கு நீதிமன்றம் செல்ல வேண்டும்.

ஆகவே, ஓராண்டுப் பராமரிப்புச் செலவை மட்டும், இருவரில் எவரும் இயக்கக்கூடிய கூட்டுக் கணக்கில் அக்கா மகளுடன் வைக்க எண்ணுகிறேன். இத்தகைய கணக்கு வைத்திருந்தவர்களின் அனுபவத்தில், ஒருவர் நினைவிழந்த பின் மற்றவர் அதைத் தடையின்றி இயக்க வங்கி அனுமதித்ததா? இதற்கென்றே தனியார் டிரஸ்ட் அமைத்தவர்கள் யாரை அறங்காவலராக்கினீர்கள், செலவு எவ்வளவு ஆயிற்று என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.