புதுப்பிப்பு: டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகு

“நாலாம் நாள் பையனுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு, உடம்பு வலி மட்டும் இருக்கு. எடை 20 கிலோ. இபுப்ரோஃபென் கொடுக்கலாமா?”

வேண்டாம். டெங்குவில் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஏற்கெனவே குறைந்திருக்கும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மூன்றும் மிச்சமிருப்பவற்றையும் சரியாக வேலை செய்ய விடாது, வயிற்றையும் புண்ணாக்கும். பாராசிட்டமால் மட்டும்: இந்த எடைக்கு ஒரு வேளைக்கு 250 மில்லிகிராம், 6 மணி நேர இடைவெளியில், நாளுக்கு 4 வேளைக்கு மேல் கூடாது. கூடினால் கல்லீரல் தாங்காது.

“காய்ச்சல் விட்டால் ஆபத்து தாண்டியாச்சு” என்று ஒருவர் எழுதியிருந்தார். பலருக்கு அப்படித்தான். ஆனால் சிலருக்கு அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில்தான் இரத்த நாளங்களிலிருந்து நீர் கசியும். கடும் வயிற்றுவலி, ஒரே நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ வாந்தி, ஈறிலோ மலத்திலோ இரத்தம், மூச்சிரைப்பு, கை கால் சில்லிடுதல், எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது: இதில் ஒன்று தெரிந்தாலும் இரவானாலும் மருத்துவமனைதான்.

இவை எதுவும் இல்லாதவரை வீட்டில் இந்தப் பையனின் எடைக்கு நாளுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர், பெரும்பாலும் ஓஆர்எஸ் கரைசலாக, சிறு சிறு மடக்காகக் கொடுங்கள். வெறும் தண்ணீரே குடித்தால் உடலில் உப்பு குறையும். 6 மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால் போதவில்லை என்று பொருள், உடனே காட்டுங்கள்.

டெங்கு வந்த அப்பா இதய ஸ்டென்ட்டுக்காகத் தினமும் ஆஸ்பிரின் எடுப்பதாகக் கேட்டவருக்கு: அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் ஸ்டென்ட் அடைக்கலாம், தொடர்ந்தால் இரத்தம் கசியலாம். தட்டணு எண்ணிக்கையோடு இன்றே இதய மருத்துவரைக் கேளுங்கள்.