சீரம் படிந்த முடிக்கு ப்ளீச்: தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொல்வதா, குளிக்காமலா?

அஸ்தம்பட்டி பார்லர்

வாடிக்கையாளர் ஒருவருக்கு இடுப்பு வரை முடி. காதுக்குக் கீழே கேரமல் நிறத்தில் ஹைலைட்ஸ் கேட்கிறார். சாயம் போட்டதே இல்லை என்கிறார், ஆனால் தினமும் சீவும்போது சீரம் போடுகிறார், வாரம் ஒருமுறை ஸ்மூத்தனிங் மாஸ்க். பின்பக்கம் ஒரு கொத்தில் 20 வால்யூம் டெவலப்பரில் டெஸ்ட் செய்தேன். மேல்பகுதி நல்ல ஆரஞ்சு, கீழே பாதி பழுப்பிலேயே நின்றுவிட்டது, நடுவில் திட்டுத்திட்டாகக் கறுப்பு. ப்ளீச்சுக்கு முன்னால் தலைக்குக் குளிக்கக் கூடாது என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். முதலில் சீரத்தை எடுக்க வேண்டுமா? எடுப்பதென்றால் எப்படி?

ஐந்து ரோடு ஸ்டைலிஸ்ட்

குளிக்க வைக்காதீர்கள். இரண்டு நாள் அழுக்குத் தலையோடு வரச் சொல்லுங்கள், அதுதான் தலைத்தோலுக்குப் பாதுகாப்பு. சீரத்தில் இருக்கிற சிலிகோன் ப்ளீச்சைத் தடுக்கும் என்பதெல்லாம் ஷாம்பு விற்பவர்கள் சொல்வது. ப்ளீச் பவுடரும் டெவலப்பரும் கலந்தால் காரத்தன்மை எவ்வளவு ஏறும் தெரியுமா? அதன் முன்னால் ஒரு மெல்லிய சீரம் எவ்வளவு நேரம் நிற்கும்? நான் சீரம் போட்ட முடியில்தான் தினமும் வேலை செய்கிறேன். திட்டு விழுந்தால் அது கொத்தைத் தடிமனாக எடுத்ததால், இல்லை மருந்து போதாததால். மெல்லிய கொத்தாகப் பிரித்து, தேவைப்பட்டால் 30 வால்யூம் வைத்துப் பாருங்கள்.

செவ்வாய்ப்பேட்டை கலரிஸ்ட்

30க்குப் போவதற்கு முன் கொஞ்சம் பொறுங்க தம்பி. 'குளிக்காமல் வா' என்ற விதி தலைத்தோலில் மருந்து படும்போது சொன்னது. எண்ணெய்ப்பசை இருந்தால் எரிச்சல் குறையும், அது உண்மைதான். இங்கே வேலை காதுக்குக் கீழேதான் தொடங்குகிறது, தோலில் மருந்து படப்போவதே இல்லை. முடியின் நீளத்தில் படிந்திருப்பது அந்த எண்ணெய்ப்பசையும் இல்லை.

சிலிகோன் ப்ளீச்சை முழுசாகத் தடுக்காது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அது சுவர் மாதிரி நிற்பதில்லை. சிக்கல் மருந்து முடியில் ஒட்டுவதில்தான். நம் கலவை தண்ணீரை அடிப்படையாகக் கொண்டது. படலம் கனமாக இருக்கும் இடத்தில் அது பரவாமல் ஒதுங்கி, ஓரங்களில் மெல்லியதாகி, சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்த மருந்து அதற்கு மேல் வேலை செய்யாது. பக்கத்திலேயே படலம் இல்லாத முடி நன்றாக நனைந்து, நிறம் வெளுத்து ஏறிக்கொண்டே போகும். இப்படித்தான் ஒரே கொத்தில் ஆரஞ்சும் கறுப்பும் வருகிறது. டெவலப்பரைக் கூட்டினால் ஏறுகிற இடம் இன்னும் வேகமாக ஏறும், ஏறாத இடம் அப்படியே கிடக்கும். வித்தியாசம்தான் பெரிதாகும்.

அந்த சீரம் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். சைக்ளோபென்டாசிலோக்ஸேன் மட்டும் என்றால் கவலை குறைவு, அது ஆவியாகிப் போய்விடும். கூடவே டைமெத்திகோன் அல்லது டைமெத்திகோனால் இருந்தால் அது முடியிலேயே தங்கும், படிந்ததை எடுக்கிற கிளாரிஃபையிங் ஷாம்புதான் வேண்டும். மாஸ்க்கில் அமோடைமெத்திகோன் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது அடிபட்ட இடமாகத் தேடிப் போய்ப் பிடிக்கிற வகை, அதாவது நுனி முடி. பெயருக்கு முன்னால் பெக் என்று எண்ணோடு வந்தால் பெரும்பாலும் தண்ணீரில் கரையும், சாதாரண ஷாம்புவே போதும்.

ஆத்தூர் அமுதா

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? அரப்புத் தூள் போட்டு இரண்டு முறை தேய்த்துவிட்டால் எண்ணெய், சீரம் எல்லாம் போய்விடும். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்தால் எங்கள் வீட்டில் இன்றும் அரப்புதான். கெமிக்கலை எடுக்க இன்னொரு கெமிக்கல் எதற்கு? இல்லையென்றால் சோடா உப்பும் எலுமிச்சையும் போதும்.

செவ்வாய்ப்பேட்டை கலரிஸ்ட்

அமுதா, நல்லெண்ணெயையும் தேங்காய் எண்ணெயையும் அரப்பு எடுக்கும், அதில் சந்தேகமே இல்லை. சிலிகோன் வேறு ரகம். அரப்பின் நுரை அதற்கு மென்மையானது, அதை நம்பி ப்ளீச் வைக்க முடியாது. அப்புறம் எவ்வளவு அலசினாலும் கொஞ்சம் தூள் முடிக்குள் தங்கும். சீவினால் உதிரும், பார்த்திருப்பீர்கள். அந்தத் துகளின் மேல் மருந்து வைத்தால் அதுவே புதுத் திட்டு. சோடா உப்பு சிலிகோனைக் கரைக்காது, முடியைச் சொரசொரப்பாக்கிவிடும். எலுமிச்சையோடு கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துப் பொங்கி அடங்கும், அவ்வளவுதான்.

ஏற்காடு குளிர்

என் கேள்விக்கும் இங்கேயே பதில் கிடைக்குமா? வருடக்கணக்காக மருதாணி போடுகிறேன், சமீபத்தில் கறுப்பாக்கும் பாக்கெட் பவுடரும் சேர்த்தேன். இந்தக் கிளாரிஃபையிங் ஷாம்பு போட்டால் அந்தச் சிவப்பு போய், அப்புறம் ப்ளீச் வைக்கலாமா? இங்கே மலைத்தண்ணீரில் நுரை நன்றாக வரும்.

செவ்வாய்ப்பேட்டை கலரிஸ்ட்

போகாதுங்க அக்கா. சீரம் முடியின் மேலே கிடப்பது, மருதாணி உள்ளே இறங்கிப் பிடித்த நிறம். எந்த ஷாம்புவுக்கும் அது வராது. உங்கள் விஷயத்தில் அந்தக் கறுப்புப் பவுடர்தான் எனக்குப் பயம். சிலவற்றில் உலோக உப்பு இருக்கும், அதன் மேல் டெவலப்பரில் இருக்கிற பெராக்சைடு பட்டால் முடி சூடாகி அறுந்துகூடப் போகும். சீப்பில் உதிர்ந்த முடியைச் சேர்த்து, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் 20 வால்யூமும் சில சொட்டு அமோனியாவும் ஊற்றி அரைமணி நேரம் போட்டுவைக்கச் சொல்லி பார்லரில் கேளுங்கள். சூடாகிறதா, பொங்குகிறதா, முடி இழுத்தால் அறுகிறதா என்று பார்க்க வேண்டும். அது தெரியாமல் தலையில் ப்ளீச் வைக்கவே கூடாது.

ஐந்து ரோடு ஸ்டைலிஸ்ட்

சரி, படலம் என்றே வைத்துக்கொள்வோம். இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? தண்ணீர் தெளித்துப் பார்த்து முத்துமுத்தாக நின்றால் சிலிகோன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சாயமே படாத நல்ல முடியில்கூடத் தண்ணீர் முத்தாகத்தான் நிற்கும். இரண்டாவது, சேலத்தில் பாதி வீடுகளில் போர்வெல் தண்ணீர். மேக்னசைட் வெட்டுகிற ஊரில் தண்ணீர் எப்படி இருக்கும் என்று சொல்லவா வேண்டும்? நீங்கள் சிலிகோன் என்று பழி போடுவது உப்பாகவும் இருக்கலாம்.

செவ்வாய்ப்பேட்டை கலரிஸ்ட்

இரண்டும் நியாயமான கேள்வி. முதல் விஷயத்தில் தம்பி சொல்வது முழுக்கச் சரி. ஆரோக்கியமான முடிக்கு மேலேயே இயற்கையாக ஒரு மெல்லிய கொழுப்புப் பூச்சு உண்டு, அது தண்ணீரைத் தள்ளும். ஆகவே வேரில் முத்து நின்றால் அதற்கு அர்த்தமே இல்லை. நான் பார்ப்பது வேரையும் நுனியையும் ஒப்பிட்டு. இடுப்பு வரை நீளமென்றால் நுனிக்குப் பல வருட வயது. வெயில், சீப்பு, துவட்டல் எல்லாம் பட்டு அந்தப் பூச்சு தேய்ந்திருக்கும். அதனால் நுனி தண்ணீரைச் சட்டென்று குடிக்க வேண்டும். நுனியும் வேர் மாதிரியே தண்ணீரைத் தள்ளினால், அங்கே வேறு ஏதோ பூசியிருக்கிறது. காய்ந்த நுனியை ஒரு வெள்ளைத் துண்டின் மேல் வைத்து ஸ்ப்ரே அடித்துப் பாருங்கள், சில நொடிகளில் தெரிந்துவிடும். கூடவே நகத்தால் முடியை நீளவாக்கில் இழுத்தால், படிவு அதிகமிருந்தால் மெழுகு மாதிரி நகத்தில் சேரலாம்.

இந்த வாடிக்கையாளரின் டெஸ்ட்டிலேயே குறிப்பு இருக்கிறது. மேலே ஏறி, கீழே நின்றிருக்கிறது. பழைய நுனி பொதுவாகச் சீக்கிரம் ஏற வேண்டியது, இங்கே தலைகீழாக இருக்கிறது. சீரத்தை உள்ளங்கையில் தேய்த்து எங்கே தடவுவார்கள்? நடுவிலிருந்து நுனி வரைதான்.

தண்ணீர் உப்பு விஷயத்திலும் மறுக்கவில்லை. கால்சியம், மெக்னீசியம் மட்டும் என்றால் முடி விறைக்கும். இரும்பும் செம்பும் சேர்ந்தால் பெராக்சைடை வீணாகச் சிதைக்கும், ஃபாயில் தொட்டால் சுடும். சல்பேட் ஷாம்பு மட்டும் உப்பை எடுக்காது. லேபிளில் ஈடிடிஏ இருக்கிற கிளாரிஃபையிங் ஷாம்புவாக வாங்கினால் இரண்டுக்கும் சேர்த்து ஆகும்.

அஸ்தம்பட்டி அம்மா, நீங்கள் செய்ய வேண்டியது இது. ஹைலைட்ஸுக்கு முந்தின நாள் அவரை வரச் சொல்லுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் முடியை இரண்டு நிமிடமாவது நன்றாக நனையவிடுங்கள், படலமுள்ள முடி நனையவே நேரமெடுக்கும். முதல் ஷாம்பு காது மட்டத்திலிருந்து கீழே மட்டும். அதில் நுரை சரியாக வராது, பயப்படாமல் அலசிவிடுங்கள். இரண்டாவது முறை நுரை பொங்கும், அதை மூன்று நிமிடம் முடியிலேயே விட்டு, விரலால் கீழ்நோக்கி உருவுங்கள். நகத்தால் தலைத்தோலைச் சுரண்டக் கூடாது, மேட்டூர்த் தண்ணீர் இருந்தால் கடைசி அலசல் அதில். அப்புறம் கண்டிஷனர், சீரம், வெப்பப் பாதுகாப்பு ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். சிக்கு விழும், அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து எடுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகுதான் மறுநாள் மருந்து.

அதற்கும் முன்னால் இரண்டு கொத்தில் டெஸ்ட். பக்கத்துப் பக்கத்தில் ஒரே தடிமனில் எடுத்து, ஒன்றை மட்டும் இப்படிக் கழுவிக் காயவைத்து, ஒரே கிண்ணத்து மருந்து, ஒரே நேரம். பவுடர் ஒரு பங்கு, 20 வால்யூம் இரண்டு பங்கு. தம்பி சொன்ன மாதிரி கொத்து மெல்லியதாகவே இருக்கட்டும். திட்டு போய்விட்டால் படலம்தான் காரணம், போகாவிட்டால் நான் சொன்னது தப்பு.

ஐந்து ரோடு ஸ்டைலிஸ்ட்

இந்த டெஸ்ட்டுக்கு நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முந்தின நாள்தான் கழுவ வேண்டும் என்பது எதற்கு? தோலில் படாத வேலை என்று நீங்களே சொன்னீர்கள். காலையில் கழுவி, உலர்த்தி, மதியம் வைத்தால் என்ன? சித்திரை மாதத்தில் சேலத்து வெயிலில் ஒரு இரவு போனால் தலை மறுபடி பிசுபிசுத்துவிடும்.

செவ்வாய்ப்பேட்டை கலரிஸ்ட்

நுனி முடி ஒரே ராத்திரியில் பிசுபிசுக்காது தம்பி. என் கவலை ஈரம். இடுப்பு வரை முடி நடுக்கொத்தில் காய நேரமாகும், ஈரம் இருந்தால் மருந்து நீர்த்துப்போகும். தலைத்தோலும் தேய்த்த அன்றே சென்சிட்டிவாக இருக்கும், ஃபாயில் நழுவி ஒரு துளி பட்டாலும் எரியும். நன்றாக உலர்த்த முடிந்தால் அதே நாளும் செய்யலாம்.

அஸ்தம்பட்டி பார்லர்

இரண்டு கொத்தும் செய்துவிட்டேன். சீரத்தில் டைமெத்திகோனால், மாஸ்க்கில் அமோடைமெத்திகோன், இரண்டுமே இருந்தன. துண்டின் மேல் வைத்துப் பார்த்ததில் நுனி தண்ணீரைத் தள்ளியது, கழுவின கொத்தில் உடனே உள்ளே போனது. ப்ளீச்சில் கழுவாத கொத்து முன்பு மாதிரியே திட்டு. மருந்து சில இடங்களில் தயிர் திரிந்த மாதிரி ஒதுங்கி வெள்ளையாகக் காய்ந்தது கண்ணாலேயே தெரிந்தது. கழுவின கொத்தில் நடுப்பகுதி முழுக்க ஒரே ஆரஞ்சு. ஆனால் கடைசி மூன்று விரல் அகலம் மட்டும் இன்னும் ஒரு படி கறுப்பாகவே இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை கலரிஸ்ட்

நடுவில் படலம்தான் என்பது தெரிந்துவிட்டது. நுனியில் அமோடைமெத்திகோன் மீதி இருக்கலாம், அது ஒரே கழுவலில் போகாது. மாஸ்க்கை நிறுத்தி, ஒரு வாரம் விட்டு இன்னொரு முறை கழுவி, மறுபடி ஒரு கொத்து பாருங்கள்.

ஐந்து ரோடு ஸ்டைலிஸ்ட்

நடுப்பகுதிக்கு உங்கள் பக்கம்தான் அக்கா. நுனிக்கு நான் வேறு சொல்வேன். கறுப்பு தொடங்குகிற இடம் நேர்க்கோடாக இருக்கிறதா, எல்லாக் கொத்திலும் ஒரே உயரத்தில் வருகிறதா? அப்படியென்றால் அது பழைய கறுப்புச் சாயம். 'சாயம் போட்டதே இல்லை' என்பவர்கள் கல்யாணத்துக்குப் போட்டதை மறந்திருப்பார்கள். இன்னொரு கழுவல் அதை எடுக்காது.

அஸ்தம்பட்டி பார்லர்

கோடு கொஞ்சம் நேராகத்தான் தெரிகிறது, ஆனால் ஒரு கொத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. இடது, வலது, உச்சி என்று இன்னும் மூன்று இடத்தில் நுனியை மட்டும் கழுவி டெஸ்ட் வைக்கிறேன். அவரிடமும் பழைய சாயம் பற்றி மறுபடி கேட்கிறேன். அதுவரை ஹைலைட்ஸைத் தள்ளிப்போட்டாயிற்று, சீரம், மாஸ்க் இரண்டையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன்.