ஒரே வைஃபையில் இருந்தும் கைபேசிக்குப் பிரின்டர் தெரியவில்லை

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் சிறிய ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பழைய நில ஆதாரங்களைக் கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தினால் மடிப்பில் கிழிகின்றன. அதனால் கைபேசியில் ஸ்கேன் எடுத்து, நேரே பிரின்டருக்கு அனுப்பப் பார்க்கிறேன். பிரின்டரைத் தேடிக்கொண்டே இருக்கிறதே தவிர, கிடைத்தபாடில்லை. கணினியிலிருந்து கொடுத்தால் உடனே அச்சாகிறது. முன்மேசையில் சிக்னல் குறைவு என்று அண்மையில் இன்னொரு ரவுட்டர் மாட்டினேன். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல்.

மீனாட்சிபுரத்தான்:
பல பிரின்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். உங்கள் கைபேசி 5-இல் இருக்கும். அதையும் 2.4-க்கு மாற்றுங்கள், சரியாகிவிடும்.

வாளையார் செல்வி:
எனக்கும் இதே தொல்லைதான் அண்ணா. வாட்ஸ்அப்பில் கணினிக்கு அனுப்பினால் எழுத்தெல்லாம் மங்கிவிடுகிறது.

பழைய டெக்னீஷியன்:
செல்வி, உங்களுடையது வேறு. படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். PDF ஆக்கி, ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

கடைக்காரரே, ஒரே ரவுட்டர் என்றால் 2.4, 5 பேதம் பெரும்பாலும் தடையாகாது. எனக்குச் சந்தேகம் அந்தப் புது ரவுட்டர் மேல்தான். கைபேசியின் வைஃபை விவரத்தில் ஐபி முகவரியைப் பாருங்கள். பிரின்டரின் நெட்வொர்க் விவரப் பக்கத்தையும் அச்செடுத்துப் பாருங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
கைபேசி 192.168.0.104. பிரின்டர் 192.168.1.23.

பழைய டெக்னீஷியன்:
மூன்றாவது எண்ணைப் பாருங்கள், ஒன்றில் 0, மற்றதில் 1. பெயர் ஒன்றாக இருந்தாலும் இவை இரண்டு தனி நெட்வொர்க். புது ரவுட்டர் தனக்கென ஒன்றை உருவாக்கிக்கொண்டது. "பிரின்டர் யாராவது இருக்கிறீர்களா?" என்று கைபேசி கூப்பிடும் குரல் அந்த ரவுட்டரைத் தாண்டாது.

இன்றைக்கே வேலை நடக்க வேண்டுமென்றால், ஆண்ட்ராய்டில் அச்சுச் சேவை அமைப்புக்குள் போய், ஐபி முகவரி கொடுத்துப் பிரின்டரைச் சேர்க்கும் வசதியில் 192.168.1.23 என்று கொடுங்கள். புது ரவுட்டரிலிருந்து பழைய ரவுட்டரின் பக்கம் போக வழி உண்டு என்பதால் பெரும்பாலும் அச்சாகும். மாறாக, பிரின்டர் புது ரவுட்டரிலும் கைபேசி பழையதிலும் இருந்தால் இது பலிக்காது.

நிரந்தரத் தீர்வு, புது ரவுட்டரை அதன் அமைப்புப் பக்கத்தில் Access Point முறைக்கு மாற்றுவது. பிறகு முகவரி கொடுப்பது பழைய ரவுட்டர் மட்டும்தான். மாற்றியபின் கைபேசியின் வைஃபையை அணைத்துப் போடுங்கள். முகவரி 192.168.1 என்று தொடங்கினால் வேலை முடிந்தது.

மீனாட்சிபுரத்தான்:
எங்கள் கடை ரவுட்டரில் விருந்தினர் வைஃபை இருக்கிறது. அதில் சேர்ந்தாலும் பிரின்டர் தெரிவதில்லை. அதற்கும் இதுதான் காரணமா?

பழைய டெக்னீஷியன்:
இல்லை. அது வேண்டுமென்றே போட்ட தடுப்பு. வாடிக்கையாளர் கைபேசி உங்கள் கணினியைத் தொடக்கூடாது அல்லவா? அதை அப்படியே விடுங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
Access Point முறைக்கு மாற்றினேன். கைபேசி இப்போது 192.168.1.31. பிரின்டர் உடனே தெரிந்தது, அச்சும் வந்தது. ஆனால் லீகல் அளவு ஆதாரம் ஏ4 தாளுக்குச் சுருங்கி வருகிறது, முத்திரையும் வெளிறிவிட்டது.

பழைய டெக்னீஷியன்:
ஸ்கேன் செயலியில் கறுப்பு-வெள்ளை வடிகட்டியை எடுத்துவிட்டு வண்ணத்தில் வையுங்கள், முத்திரை திரும்பிவிடும். தாள் அளவுக்கு, உங்கள் பிரின்டர் லீகல் தாளை ஏற்குமா என்று முதலில் பாருங்கள். ஏற்கும் என்றால் மாடலைச் சொல்லுங்கள்.